வேகாத பன்றிக்கறி, வேகாத ஆற்று மீன்: கால்நடை மருத்துவரிடம் கேட்டவை

பன்றிக்கறி சாப்பிட்டால் மூளைக்குள் புழு போகும் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். உண்மைதானா டாக்டர்?

பாதி உண்மை. பன்றியின் சதைக்குள் இருப்பது நாடாப்புழுவின் இளம்பருவம். ஒரு சின்ன நீர்க்கொப்புளத்துக்குள் அது சுருண்டு கிடக்கும். அந்தக் கறியை வேகாமல் சாப்பிட்டால் கொப்புளம் குடலில் விரிந்து, தலையால் குடல்சுவரைப் பற்றிக்கொண்டு, இரண்டு மாதம் போல ஆனதும் முழு நாடாப்புழுவாகிறது. இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரைகூட நீளும். ஆனால் அது குடலிலேயேதான் இருக்கும். அங்கிருந்து மூளைக்குப் போவதில்லை.

மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து வருவது. வயிற்றில் புழு உள்ளவரின் மலத்தோடு முட்டைகள் வெளியேறுகின்றன. சரியாகக் கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், மலம் கலந்த மண்ணில் விளைந்த காய் என்று ஏதாவது ஒரு வழியில் அந்த முட்டை யார் வாய்க்குப் போகிறதோ அவருக்குத்தான் ஆபத்து. முட்டை குடலில் பொரிந்து, உள்ளிருந்து வரும் நுண்புழு ரத்தத்தோடு ஓடி, தசையிலோ கண்ணிலோ மூளையிலோ தங்கிக் கொப்புளமாகிறது. மூளையில் தங்கினால் பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் வலிப்பாக வெளிப்படலாம். வயிற்றில் புழு உள்ளவரும் தன் கையாலேயே தன் முட்டையை விழுங்கிவிட முடியும். ஆகவே அவருக்கும் அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம். அப்படியென்றால் இந்தப் பேச்சே எங்களுக்குத் தேவையில்லைதானே?

தேவைதான். நியூயார்க்கில் பன்றிக்கறியையே தொடாத யூதக் குடும்பங்களில் சிலருக்கு மூளையில் இந்தக் கொப்புளங்கள் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, 1992இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. வயிற்றில் நாடாப்புழுவோடு இருந்த வீட்டுப் பணியாளர்கள் வழியாக முட்டை வந்திருக்க வேண்டும் என்பதுதான் விசாரணையில் தெரிந்தது. கறி தின்றவர் ஒருவர், நோய் வந்தது இன்னொருவருக்கு. உங்கள் தட்டில் கறி இல்லாததால் குடல் புழு வராது, அவ்வளவுதான். மூளைப் பக்கத்துக்குக் கை கழுவுவதும், பச்சையாகத் தின்னும் காய்களை நன்றாகக் கழுவுவதும்தான் காப்பு.

நான் சமையல் தொழிலில் இருக்கிறேன். புழு இருந்தால் வெட்டும்போதே கண்ணில் பட்டுவிடும், பார்த்து ஒதுக்கிவிடுவேன். மூன்று தண்ணீர் விட்டுக் கழுவவும் செய்வேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நாடாப்புழு விஷயத்தில் நீங்கள் சொல்வது ஓரளவுக்குச் சரி. அந்தக் கொப்புளம் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும். வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒளி ஊடுருவும், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். நாக்கு, இதயம், தாடைத் தசை, உதரவிதானம், தோள்பட்டை ஆகிய இடங்களில் அதிகம் பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்கு வரும் உடலில் இந்தத் தசைகளைச் சில இடங்களில் கீறிப் பார்ப்போம். கொப்புளங்கள் ஏராளமாக இருந்தால் தப்பாது. ஒரு முழுப் பன்றியில் ஐந்தாறுதான் இருக்கிறது என்றால், கத்தி பட்ட இடத்தில் அவை இல்லாமல் போவது சர்வ சாதாரணம். உங்கள் பலகையில் ஒன்று தெரிந்தால், தெரிந்ததை மட்டும் நோண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சமைக்காதீர்கள். அந்தக் கறியே வேண்டாம்.

அப்புறம் டிரிக்கினெல்லா என்று ஒரு புழு இருக்கிறது. அது தசைநாருக்குள் சுருண்டு கிடக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வகத்தில் தசைத் துண்டை அமிலமும் பெப்சினும் சேர்த்துக் கரைத்து, அடியில் தங்குவதை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். கழுவுவதால் இரண்டுமே போகாது. சதைக்குள் இருப்பதைத் தண்ணீர் எப்படி எடுக்கும்?

சரி, எத்தனை நிமிடம் வேக வைக்க வேண்டும்? ஒரே ஒரு எண் சொல்லுங்கள்.

நிமிடத்தில் சொன்னால் தப்பாகிவிடும். துண்டின் நடுப்பகுதி எத்தனை டிகிரிக்குப் போனது என்பதுதான் கணக்கு. முழுத் துண்டாகச் சமைக்கும் பன்றிக்கறிக்கு நடுவில் 63 டிகிரி செல்சியஸ், அதன்பின் அடுப்பிலிருந்து இறக்கி மூன்று நிமிடம் அப்படியே விடுவது என்பது அமெரிக்க வேளாண் துறை 2011 முதல் சொல்லும் அளவு. கொத்துக்கறிக்கு 71. கொத்துக்கறிக்கு அதிகம் வைத்ததற்குப் புழு காரணமில்லை. மேற்பரப்பிலிருந்த பாக்டீரியா அரைக்கும்போது உள்ளே போய்விடுகிறது, அதற்காகத்தான். என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்குமே 71 என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஒரே எண் கேட்டீர்களே.

தடிமன் எவ்வளவு ஏமாற்றும் என்று பாருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த, உள்ளங்கை அகலமும் ஐந்து சென்டிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு துண்டைக் கொதிக்கும் குழம்பில் போடுகிறோம். இருபது நிமிடத்தில் வெளியே நன்றாக வெந்துவிட்டது போல இருக்கும், வாசனையும் வந்துவிடும். தெர்மாமீட்டரை நடுவில் குத்தினால் 40 டிகிரியை ஒட்டித்தான் காட்டும். புழுவுக்கு அது சுகமான சூடு. அரை மணி நேரத்தில் 60ஐ எட்டும், 35 நிமிடம் ஆகும்போதுதான் 70 பக்கம் வரும். அதே கறியை இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் போட்டிருந்தால் பத்தே நிமிடத்தில் நடுப்பகுதி 90ஐத் தாண்டியிருக்கும். தடிமன் பாதியானால் நேரம் பாதியாவதில்லை, ஏறக்குறைய கால்வாசியாகிவிடுகிறது. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் சிறிதாக நறுக்குவதுதான் மிகச் சுலபமான வழி. உறைந்த துண்டை அப்படியே போட்டால் நேரம் குறைந்தது ஒன்றரை மடங்காகும்.

தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் அதன் முனையை மிகத் தடிமனான இடத்தில் வையுங்கள், எலும்பில் மட்டும் படக்கூடாது. நிறத்தை நம்பாதீர்கள். வேகாத கறியும் சில நேரம் வெளுத்துத் தெரியும், நன்றாக வெந்ததும் இளஞ்சிவப்பாகவே நிற்கும். மைக்ரோவேவில் ஒரு ஓரம் கொதிக்கும்போது இன்னொரு ஓரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். பச்சைப் பன்றிக்கறிக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை.

என் மாமா ஆற்று மீனைப் பச்சையாக எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் சாப்பிடுவார். சதை வெள்ளையாகிவிடுகிறது, அதுவும் வெந்ததுதான் என்கிறார். இத்தனை வருடத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளையானது சதையின் புரதம். உள்ளே இருக்கும் புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நன்னீர் மீனில் நான் பயப்படுவது ஈரலைப் பிடிக்கும் தட்டைப்புழுவுக்கு. ஆற்றிலும் குளத்திலும் உள்ள நத்தைக்குள் முதலில் வளர்ந்து, அங்கிருந்து நீந்தி வந்து, மீனின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு உறைக்குள் அடைந்துகொள்கிறது. அந்த உறை நம் இரைப்பை அமிலத்தையே தாங்கிக் கடப்பதற்காக அமைந்தது. எலுமிச்சைச் சாறு அதைவிடக் கடுமையானது அல்ல. குடலில் உறை உடைந்ததும் புழு பித்தக்குழாய்க்குள் ஏறிக் குடியிருக்கும். இருபது வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது.

‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதுதான் இதில் சிக்கல். புழு கொஞ்சமாக இருக்கும்போது எந்த அறிகுறியும் தெரியாது. வருடக்கணக்கில் பித்தக்குழாய் புண்ணாகிக்கொண்டே இருந்து புற்றுநோய் வரை போகலாம். வடகிழக்குத் தாய்லாந்தில் பித்தக்குழாய்ப் புற்றுநோய் அதிகமாக இருப்பதற்கு இந்த வகைப் புழு ஒன்று முக்கியக் காரணம். அந்தப் புழுவை 1994இலும், சீனா, கொரியா பக்கம் காணப்படும் அதன் உறவுப் புழுவை 2009இலும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. எல்லா ஆற்றிலும் இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அது பரவியுள்ள பகுதியில் உங்கள் மாமா இருந்தால், மலப் பரிசோதனையில் முட்டை தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இருந்தால் மாத்திரையிலேயே போய்விடும். மறுபடி பச்சை மீன் தின்றால் மறுபடியும் வரும்.

உணவகங்களில் கடல் மீனை உறைய வைத்துப் பச்சையாகவே தருகிறார்களே. ஆற்று மீனையும் அப்படிச் செய்தால் என்ன?

அங்கே மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள், அல்லது மைனஸ் 35இல் கல்லாக உறையவைத்து அதன்பின் 15 மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசர் நன்றாக வேலை செய்தாலே மைனஸ் 18தான். கதவைத் திறந்து திறந்து மூடும் வீட்டில் அதுவும் நிற்காது.

ஒட்டுண்ணி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் நான். ஈரல் தட்டைப்புழுவின் உறைகளில் சில, உறைய வைத்த பிறகும் பிழைத்திருப்பதைப் பரிசோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். அந்த ஏழு நாள் கணக்கை அதற்கும் சொல்லலாமா?

சொல்லத் தயங்குவேன். நீங்கள் சொல்வது சரி, உறைய வைப்பதைப் பற்றிய முடிவுகள் ஒரே மாதிரி வருவதில்லை. உப்பில் ஊறவைப்பதிலும் இதே குழப்பம்தான், எவ்வளவு உப்பு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறுகிறது. அதனால்தான் நன்னீர் மீனுக்கு நான் அடுப்பைத் தவிர வேறெதையும் சிபாரிசு செய்வதில்லை. நடுவில் 63 டிகிரி, சதை முள்ளிலிருந்து தானாகப் பிரிய வேண்டும். பன்றிக்கறியில் குளிர் ஓரளவு நம்பகமானது: 15 சென்டிமீட்டருக்குக் குறைந்த தடிமனில், மைனஸ் 15இல் மூன்று வாரம் வைத்தால் பண்ணைப் பன்றியின் டிரிக்கினெல்லா சாகும். காட்டு விலங்குகளில் குளிரைத் தாங்கும் வேறு வகைகள் உண்டு. வேட்டைக் கறிக்கு இந்தக் கணக்கை எடுக்காதீர்கள்.

என் பையனுக்கு ராத்திரியானால் ஆசனவாயில் அரிப்பு. போன வாரம் மீன் சாப்பிட்டதால்தான் இருக்குமோ?

இல்லை, அது பெரும்பாலும் கீரிப்பூச்சி. பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்கு நகம், படுக்கைவிரிப்பு வழியாகப் பரவுவது. மீனுக்கும் கறிக்கும் தொடர்பில்லை. மருத்துவரிடம் காட்டினால் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்தே மருந்து தருவார்.

மூன்று நாள் முன்பு ஒரு விருந்தில் நடுவில் வேகாத பன்றிக்கறியைத் தின்றுவிட்டேன். நானே ஒரு புழு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளட்டுமா?

வேண்டாம். ஒரு தடவை தின்றதால் வந்தே தீரும் என்றில்லை. நாடாப்புழுவென்றால் இப்போது பரிசோதித்தாலும் ஒன்றும் தெரியாது. அது வளர்ந்து, மலத்தில் தட்டையான வெள்ளைத் துணுக்குகளோ முட்டைகளோ வருவதற்கு இரண்டு மாதமாவது ஆகும். டிரிக்கினெல்லாவென்றால் முதல் சில நாட்களில் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும், பிறகு இரண்டாவது வாரத்திலிருந்து காய்ச்சல், தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் என்று வரலாம். அப்படி வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போய், என்ன தின்றீர்கள், என்றைக்கு என்று முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே நினைக்கத் தோன்றும்.

மாத்திரையை நீங்களாகப் போடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நாடாப்புழுவுக்குத் தரும் பிரசிகுவான்டெல் மூளையில் இருக்கும் கொப்புளத்தையும் தாக்கும். பழைய கொப்புளம் ஒன்று தெரியாமல் இருந்தால் அதைச் சுற்றி வீக்கம் ஏற்பட்டு வலிப்பு வரலாம். உங்களுக்கு முன்பு எப்போதாவது வலிப்போ, காரணம் தெரியாத கடும் தலைவலியோ இருந்திருந்தால் மருந்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அதைக் கேட்டுத்தான் எந்த மருந்து என்று அவர் முடிவு செய்வார்.