ரெஸ்யூமேவைத் திருத்தும் முன் எனக்கு வேண்டியவை

வணக்கம் அம்மா. "மகன் மெக்கானிக்கல் படித்தவன், இரண்டு வருட அனுபவம் உண்டு, ரெஸ்யூமேவை நன்றாக மாற்றி எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். ரெஸ்யூமேவை இணைக்கவில்லை, எந்த வேலைக்கு என்றும் சொல்லவில்லை. இதை வைத்து நான் எழுதினால், அதில் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இருந்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் ரெஸ்யூமேவில் இருந்தது ஒரே வரி: "தரப் பிரிவில் இரண்டு வருடம் பணி." கேட்டபோதுதான் விவரம் வந்தது. தண்டுகளின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளப்பார். வரைபடத்தில் கொடுத்த அளவு வரம்போடு ஒப்பிடுவார். தவறியவற்றைப் பிரித்துப் பதிவேட்டில் எழுதுவார்.

அவர் மறுபடியும் தரப் பரிசோதகர் வேலைக்குப் போவதென்றால் என்ன பாகம், எந்தக் கருவி, ஒரு ஷிப்டில் எத்தனை, அளவு தவறினால் யாரிடம் சொன்னார் என்பவை மேலே வரவேண்டும். வடிவமைப்பு வேலைக்கு என்றால் அளந்த கதை கீழே இறங்கிவிடும். வரைபடம் படிக்கத் தெரியும் என்பதும், கல்லூரிக் கடைசி வருடத்தில் சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளில் செய்த புராஜெக்டும் முன்னால் வரும். ஆள் அவரேதான், அனுபவமும் அதேதான். பக்கத்தின் மேல்பகுதியில் எதை வைப்பது என்பதை வேலைதான் முடிவு செய்கிறது.

பழைய ரெஸ்யூமே இல்லாமல் எழுதுவதில் இன்னொரு ஆபத்து உண்டு. எழுதுபவர் இடைவெளியைத் தன் ஊகத்தால் நிரப்பிவிடுவார். இதே இளைஞருக்கு முன்பு ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு, "சி.எம்.எம். இயக்கத் தெரியும்" என்று சேர்த்திருந்தார். இவர் அந்த அளவிடும் இயந்திரத்தைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. நேர்காணலில், "பாகத்தை வைத்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. அதன்பிறகு, அவருக்கு நன்றாகத் தெரிந்த மைக்ரோமீட்டரைப் பற்றிச் சொன்னதையும் அவர்கள் நம்பவில்லை. அதை அவர் சொன்னபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

எனவே, இப்போதுள்ள ரெஸ்யூமேவை வேர்டு கோப்பாகவே அனுப்புங்கள். பிழைகளைத் திருத்த வேண்டாம். ஆதார் எண்ணும் வீட்டு முகவரியும் இருந்தால் நீக்கிவிடுங்கள். கூடவே, மகன் விண்ணப்பிக்க நினைக்கும் இரண்டு வேலை விளம்பரங்களும் பொறுப்புகள் பகுதியோடு முழுமையாக வேண்டும். நிறுவனங்கள் தேடும் சொற்கள் அங்கேதான் இருக்கும். அவற்றில் மகனுக்கு உண்மையாகப் பொருந்துபவற்றை நான் எடுத்துக்கொள்வேன்.

எந்த வேலை என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லையா? பிடித்த இரண்டு விளம்பரங்களோடு, போகவே மாட்டேன் என்று அவர் சொல்லும் ஒன்றையும் சேர்த்து, ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஷிப்டில் அவர் காலை முதல் மாலை வரை என்ன செய்தார் என்பதையும் தமிழிலேயே அரைப் பக்கம் எழுதித் தரட்டும். அதை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம் அம்மா, அவரே எழுதட்டும்.