தரையின் வாட்டமும் சுரங்கத்தின் வாட்டமும்

"மகள் அறிவியல் கண்காட்சிக்கு ஈரானின் கனாத் எனும் நிலத்தடி நீர்ச் சுரங்கத்தின் மாதிரி செய்கிறாள். கண்ணாடித் தொட்டியில் மணலைச் சரிவாகக் கொட்டி, அதே சரிவில் குழாயைப் புதைத்தோம். மலைப் பக்கம் தண்ணீர் ஊற்றினால் குழாயில் சொட்டுகூட வரவில்லை. மோட்டார் இல்லாமல் நிலத்தடி நீர் எப்படித்தான் மேலே வரும்?"

"அதே சரிவில்" என்றீர்களே, கோளாறு அங்கேதான். கனாத்தில் தண்ணீர் ஓரிடத்திலும் மேலே ஏறுவதில்லை. தரைதான் இறங்கி வந்து அதைச் சந்திக்கிறது.

ஒரு கணக்குப் போடலாம். ஊரிலிருந்து மலையை நோக்கிப் போகப்போகத் தரை கிலோமீட்டருக்கு 20 மீட்டர் உயர்கிறது. ஊருக்கருகே தரைமட்டத்தில் தொடங்கும் சுரங்கம் கிலோமீட்டருக்கு 1 மீட்டர்தான் உயர்கிறது. இரண்டு கிலோமீட்டரில் தரை 40 மீட்டர் ஏறியிருக்கும், சுரங்கம் 2 மீட்டர். அந்த இடத்தில் சுரங்கம் 38 மீட்டர் ஆழத்தில் இருக்கும். அங்கே, சுரங்கத்தின் மலைப் பக்க முனையில் வெட்டிய தாய்க் கிணற்றில் 35 மீட்டரில் தண்ணீர் நின்றால், சுரங்கம் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். நீர் தானாகக் கசிந்து உள்ளே விழுந்து, அந்தச் சிறு வாட்டத்திலேயே ஊருக்கு ஓடிவரும்.

இந்த வாட்டம்தான் முகன்னிகள் எனப்படும் கனாத் தோண்டுபவர்களின் மொத்த வித்தை. வாட்டம் கூடினால் நீர் அடிமண்ணை அரித்துச் சுரங்கம் சரியும்; குறைந்தால் வண்டல் படிந்து அடைக்கும். தோண்டுவதை ஊர்ப் பக்கமிருந்தே தொடங்குவார்கள். அப்போதுதான் ஊறும் நீர் வெட்டுகிறவரைத் தாண்டி வெளியே வடிந்துவிடும். வழிநெடுகச் செங்குத்துக் குழிகள் உண்டு. காற்று வருவதும் மண் வெளியேறுவதும் அவற்றின் வழியாகத்தான். அந்த மண் வாயைச் சுற்றிக் குவிவதால், மேலிருந்து பார்த்தால் எறும்புப் புற்று வரிசை போலத் தெரியும். ஈரானின் கொனாபாத் கனாத்தில் இப்படி 400க்கும் மேல் குழிகள். நீளம் சுமார் 33 கிலோமீட்டர். அங்கே தாய்க் கிணறு மட்டுமே 300 மீட்டருக்கும் ஆழம்!

சரி, தொட்டிக்கு வருவோம். குழாயை ரசமட்டம் வைத்துக் கிட்டத்தட்டப் படுக்கையாக, வாய்ப் பக்கம் மட்டும் ஒரு நூல் தாழ்த்திப் புதையுங்கள். மலைப் பக்க நுனியில் மட்டும் துளையிட்டுத் துணி சுற்றுங்கள். நடுவில், குழாயைச் சுற்றி இடைவெளியில்லாமல், தொட்டியின் குறுக்கே ஒரு களிமண் சுவர் எழுப்புங்கள். நிஜத்தில் அப்படிச் சுவர் கிடையாது. மலையிலிருந்து ஊறிவரும் நீரே அந்தப் பக்க நீர்மட்டத்தை உயர்த்தி வைக்கும். சின்னத் தொட்டியில் அது நடக்காது, நீர் எல்லாப் பக்கமும் பரவிவிடும். மலைப் பக்கம் நீர் குழாயை மூடும்வரை ஊற்றுங்கள், ஓடத் தொடங்கும்.

அப்புறம், மகளிடம் ஒரு ஊசி போடும் சிரிஞ்சையும் கொடுங்கள். மலைப் பக்கம் ஆழமாகக் குத்தி நீரை உறிஞ்சச் சொல்லுங்கள். அதுதான் ஆழ்துளைக் கிணறு. நீர்மட்டம் குழாய்க்குக் கீழே இறங்கியதும், அடியில் மணல் ஈரமாக இருந்தாலும், குழாயில் ஓட்டம் நின்றுவிடும்.