கசங்காத சட்டையில் என்ன இருக்கிறது? புதுத் துணியும் முதல் துவையலும்: கேள்வி பதில்

துணிக்குச் சாயம் ஏறிய பிறகு நடக்கும் ஃபினிஷிங் வேலையில் 22 வருஷம் இருந்தேன். அதில் கடைசி ஒன்பது வருஷம் ஆய்வகத்தில். புதுத் துணியைத் துவைத்துத்தான் போட வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மழைக்காகம்: அக்கா, 'அயர்ன் தேவையில்லை'ன்னு போட்டிருந்த முழுக்கைச் சட்டை வாங்கினேன். கவரைப் பிரிச்சதுமே மூக்குல குத்துற மாதிரி ஒரு வாசனை. அப்படியே ஆபீசுக்குப் போட்டுட்டுப் போயிட்டேன். சாயங்காலம் கழுத்துலயும் அக்குள்லயும் சிவந்து அரிக்குது. சட்டைதான் காரணமா?

முதலில் ஒன்றைப் பாருங்கள். அரிப்பு அக்குளின் குழிக்குள் இருக்கிறதா, குழியை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் சட்டை உரசும் மடிப்பில் இருக்கிறதா? குழிக்குள் என்றால் நீங்கள் அடித்துக்கொண்ட ஸ்ப்ரே மேல்தான் என் சந்தேகம் போகும். ஓரத்தில் என்றால் துணிதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த வாசனைக்குக் காரணம் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைட் என்ற வேதிப்பொருள். பருத்தி இழைக்குள் நீளநீளமான சங்கிலிகள் இருக்கின்றன. ஈரமும் அழுத்தமும் பட்டால் அவை நழுவி, நழுவிய இடத்திலேயே நின்றுவிடும். நாம் கசங்கல் என்பது அதைத்தான். நழுவாமல் இருக்கச் சங்கிலிகளுக்குக் குறுக்கே தாழ்ப்பாள் போடுவதுதான் ரெசின் ஃபினிஷிங். துணியை ரெசின் கரைசலில் முக்கி, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, ஸ்டென்டர் என்ற உலர்த்தும் இயந்திரத்தில் உலர்த்தி, 150, 160 டிகிரி சூட்டில் சில நிமிடம் வேக வைப்போம். வழக்கமான ரெசின் ஃபார்மால்டிஹைடிலிருந்து செய்ததுதான். வேகும்போது முழுக்கப் பிணைந்துவிட்டால் பரவாயில்லை. சூடு போதாவிட்டால், அல்லது வேகத்தைக் கூட்டி ஓட்டிவிட்டால், பிணையாத மிச்சம் துணியிலேயே தங்கும். அதைக் கழுவி எடுக்க இன்னொரு முறை அலச வேண்டும். அப்படி அலசினால் மறுபடி தண்ணீர், மறுபடி உலர்த்தல், மறுபடி செலவு. அதனால் பல இடங்களில் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த ஆலையிலும் அப்படித்தான். துணி சூடாக வெளியே வரும் பக்கம் நின்றால் பத்து நிமிடத்தில் கண் எரியும்.

இனி உங்கள் சட்டை. ஒரு நாள் காற்றோட்டமான இடத்தில் தொங்க விடுங்கள். பிறகு கைக்கு இதமான வெதுவெதுப்பில், 40 டிகிரி வாக்கில், ஒரு வாளித் தண்ணீரில் தனியாக ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். இந்தக் கணக்கு எங்கள் ஆய்வகத்திலிருந்து வருகிறது. துணியில் எவ்வளவு ஃபார்மால்டிஹைட் இருக்கிறது என்று பார்க்க, ஒரு கிராம் துணியை 100 மில்லி தண்ணீரில் 40 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, தண்ணீருக்குள் வந்ததைத்தான் அளப்போம். வாளியில் நீங்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான், அளவு மட்டும் எடுக்கவில்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வழக்கமான சோப்புத்தூளில் துவைத்து, இரண்டு முறை அலசி, நன்றாகக் காய விடுங்கள். காய்ந்ததும் நீராவி அயர்னை ஒரு ஓரத்தில் வைத்துப் பாருங்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் மிச்சம் இருப்பது கிளம்பும். பழைய வாடை வந்தால் இன்னொரு முறை ஊறல். வாடை வராததால் எதுவுமே இல்லை என்று அர்த்தமில்லை. மூக்குக்கு எட்டாத அளவும் உண்டு.

எட்டாம்நம்பர்: அப்போ ஒரு தடவை துவைச்சா மொத்தமும் போயிடும், அவ்வளவுதானே?

பிணையாமல் மேலாக ஒட்டியிருப்பது தண்ணீரில் கரைந்து போகும். பிணைந்தது போகாது. போனால் சட்டை கசங்க ஆரம்பித்துவிடுமே! அந்தப் பிணைப்பும் வியர்வையிலும் சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து, சிறிதளவு விட்டுக்கொண்டே இருக்கும். சாதாரணத் தோலுக்கு அது பெரிய விஷயமில்லை. ஃபார்மால்டிஹைட் ஒவ்வாமை ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு எத்தனை துவையல் போட்டாலும் அந்தச் சட்டை ஒத்துவராமல் போகலாம். எத்தனையாவது துவையலில் பயமில்லை என்று எண்ணைச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. அது ஆலை எப்படி வேக வைத்தது என்பதைப் பொறுத்தது.

தறிக்காரர்பேரன்: மேடம், விறைப்பா இருக்கற புதுத் துணில கஞ்சி இருக்குன்னு எல்லாரும் சொல்றது தப்பு. நான் பிளீச்சிங்ல வேலை பார்த்தவன். தறியில போட்ட கஞ்சியை என்சைம் விட்டு எடுத்துட்டுத்தான் சாயத்துக்கே அனுப்புவோம். கடைக்கு வர்றதுல கஞ்சியே இருக்காது.

நீங்கள் சொல்வது பாதி சரி. தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கப் போடும் கஞ்சியை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். எடுக்காவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஆனால் உங்கள் பகுதியைத் தாண்டி என் பகுதிக்கு வந்தபோது மறுபடி போட்டோம். மெல்லிய துணியைக் கனமாகக் காட்டவும், மடிப்பு நிற்கவும், கடைக்காரர் விரலால் தடவினால் 'நல்ல துணி' என்று தோன்றவும் கடைசியில் ஒரு விறைப்பு ஏற்றுவது உண்டு.

நம்பாதவர்கள் காயத்துக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் மருந்தில் ஒரு சொட்டை, தையலுக்கு உள்பக்கம் மிஞ்சி நிற்கும் துணியில் வைத்துப் பாருங்கள். கஞ்சி இருந்தால் அந்த இடம் கருநீலமாகும். வெள்ளை அல்லது வெளிர் துணியில்தான் தெரியும், கறை போகாமலும் இருக்கலாம். ஆகவே வெளியே தெரியாத இடமாகப் பாருங்கள். பழுப்பாகவே நின்றால் விறைப்பு கஞ்சியால் வந்ததில்லை, செயற்கைப் பிசின் ஏதாவது ஏற்றியிருக்கலாம். அயோடின் இல்லையென்றால் நகத்தால் சுரண்டுங்கள். வெள்ளைப் பொடி உதிரும். ஊற வைத்த தண்ணீர் கலங்கி, விரலுக்கு வழுவழு என்று இருக்கும்.

என்னைக் கேட்டால் புதுத் துணியில் இருப்பவற்றில் கஞ்சிதான் சாது. விஷமில்லை. வியர்வையை உறிஞ்ச விடாது, காலர் ஓரம் கழுத்தை அறுக்கும், துவைக்காமல் மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் பூச்சியையும் பூஞ்சையையும் விருந்துக்கு அழைக்கும். அரை மணி ஊறல் அதற்குப் போதும்.

பஞ்சுமிட்டாய்: கடையில பாலிதீன் கவர்ல மூடித்தானே வெச்சிருக்காங்க. அதுக்குள்ள தூசி எப்படி வரும்?

கவர் போடுவதற்கு முன்பே வந்த தூசி அது. ஐம்பது, அறுபது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து மின்கத்தியால் அறுக்கும்போது பஞ்சுத் துகள் மழையாய்ப் பறக்கும். ஓவர்லாக் மெஷின் ஓரத்தை நறுக்கிக்கொண்டே தைக்கும். அந்தத் துணுக்கு தையலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். சாக்குக்கட்டிக் கோடு, மெஷின் எண்ணெய், அந்த எண்ணெய்க் கறையை எடுக்க அடித்த கரைப்பான், செக்கிங் மேசையில் பத்துப் பேர் கை. எல்லாவற்றையும் சேர்த்து மடித்துத்தான் கவரில் போடுகிறோம். கவர் அதைப் பத்திரமாகக் காக்கிறது.

இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, புதுச் சட்டையை உள்பக்கம் திருப்பி நாலு தட்டுத் தட்டுங்கள். வெளிச்சத்தில் மிதப்பதைப் பார்த்த பிறகு என்னிடம் கேட்க மாட்டீர்கள். தும்மல்காரர்கள் தட்டும் வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள்.

தூங்காதவள்: அக்கா, ஏழு மாசக் குழந்தைக்கு டிரெஸ் வாங்கினோம். லேபிள்ல 'ஃபார்மால்டிஹைட் இல்லை'ன்னு இருக்கு. அப்படியும் துவைக்கணுமா?

துவைத்துவிடுங்கள். லேபிள் பொய் என்று சொல்லவில்லை. ஃபார்மால்டிஹைட் வாயுவாகக் கிளம்பும், பக்கத்துத் துணிக்குத் தாவும். கசங்காத சட்டைகளோடு ஒரே அலமாரியில் பிரித்து வைத்திருந்தால், எதுவுமே ஏற்றாத துணியும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஜப்பானில் 1973-இல் கொண்டுவந்த சட்டப்படி 24 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளின் துணிக்கு வரம்பு பத்து லட்சத்தில் 16 பங்கு. பெரியவர்களின் உள்ளாடைக்கு 75 பங்கு. குழந்தைக்கு எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள். வாசனை இல்லாத சோப்பில் ஒரு துவையல், கூடுதலாக ஓர் அலசல் போதும்.

சும்மாவந்தவன்: முப்பது வருஷமா புதுத் துணியை அப்படியே எடுத்துப் போடறேன். ஒண்ணும் ஆகல. எதுக்கு இவ்வளவு பயமுறுத்தல்?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. பல தடவை பட்ட பிறகு ஒருநாள் உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளும். அந்த நாள் உங்களுக்கு வராமலே போகலாம்.

கறுப்புப்பூனை: எனக்குக் கறுப்பு பாலியஸ்டர் லெகிங்ஸ். நாலு தடவை துவைச்சும் தொடை உள்பக்கம் அரிக்குது. கஞ்சி இன்னும் போகலையா?

கஞ்சி இல்லை இது. அடர் நீலம், கறுப்பு செயற்கை இழைகளில் போடும் டிஸ்பர்ஸ் சாயங்களில் சில ஒவ்வாமை தரக்கூடியவை. அவை இழையோடு வேதிப்பிணைப்பில் இல்லை, உள்ளே கரைந்து உட்கார்ந்திருக்கின்றன. உரசலும் வியர்வையும் சேரும் இடத்தில் தோலுக்கு வரும். மேலாக ஒட்டிய மிகுதிச் சாயத்தைத் துவையல் எடுக்கும், உள்ளே இருப்பதை எடுக்காது. அதைப் போடுவதை நிறுத்துங்கள். சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை வெளிர் நிறப் பருத்தி.

நூல்கண்டு: துவைக்கவே கூடாதுன்னு போட்ட கோட்டை என்ன பண்றது? ட்ரை கிளீனிங் கொடுத்தா சரியா?

தூசிக்கும் எண்ணெய்க்கும் சரி. தண்ணீரில் கரைகிற ஃபார்மால்டிஹைடும் கஞ்சியும் தண்ணீரில்லாத கழுவலில் அவ்வளவாகப் போகாது. கவரைக் கழற்றி மூன்று நான்கு நாள் காற்றில் தொங்க விடுங்கள். உள்ளே துவைத்த முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காகம்: அக்கா, பார்த்தேன். குழியில இல்லை, ஓரத்துலதான். சட்டையை ஊற வெச்சு துவைச்சாச்சு. அயர்ன் வெச்சப்போ லேசா வாடை வந்த மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கு. நாளைக்குப் போடலாமா?

நாளைக்கு வேண்டாம். இன்னொரு ஊறல் போட்டு மடித்து வையுங்கள். தோல் முழுக்க ஆறிய பிறகு, வீட்டிலிருக்கும் நாளாகப் பார்த்து இரண்டு மணி நேரம் போட்டுப் பாருங்கள். ஒவ்வாமை சில சமயம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும், அதனால் மூன்று நாள் பொறுங்கள். அதே ஓரத்தில் மறுபடி சிவந்தால் சட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே தோல் மருத்துவரிடம் போங்கள். உள்பக்க லேபிளைக் கத்தரித்துவிடாதீர்கள், அவர் கேட்பார்.