எட்டாம் வகுப்புக்கு ஒரே பீரியடில் பாஸ்வேர்டு பாடம்

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு பற்றி ஒரு பீரியட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சின்னச் சின்னச் சம்பவங்களை வைத்து எப்படி நடத்துவது?

முதல் வருடம் நான் செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன். "நீங்க வைக்கிற மாதிரி ஒரு பாஸ்வேர்டு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன். பத்துப் பேர் உற்சாகமாக எழுந்து நிஜப் பாஸ்வேர்டையே சொல்லிவிட்டார்கள். மொத்த வகுப்பும் கேட்டுக்கொண்டிருந்தது! அன்றிலிருந்து கற்பனைப் பாத்திரங்களை வைத்துத்தான் நடத்துகிறேன். 45 நிமிடத்துக்கு இரண்டு சம்பவம் போதும்.

முதல் சம்பவத்தைச் சீட்டில் எழுதி, நான்கு பேருக்கு ஒன்றாகக் கொடுப்பேன்: "சனிக்கிழமை சாயங்காலம். அம்மா போன் கவின் கையில் இருக்கிறது. சித்தி எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வருகிறது: 'என்னோட கோடு தப்பா உங்க நம்பருக்கு வந்துருச்சு, 6 நம்பர் இருக்கும், சீக்கிரம் அனுப்பு.' அதே நேரம் எஸ்எம்எஸ்ஸில் 6 இலக்க எண்ணும் வந்திருக்கிறது."

"தெரியாதவங்ககிட்ட பேசாதே" என்ற அறிவுரை இங்கே உதவாது, செய்தி வந்திருப்பது சித்தி எண்ணிலிருந்து. சித்தியின் கணக்கு முன்பே பறிபோய்விட்டது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். என் வகுப்பில் பொதுவாக ஐந்து நிமிடம் ஆகும். பிறகு அந்த எண் என்ன என்று விளக்குவேன்: வேறொருவன் தன் போனில் அம்மாவின் எண்ணைப் போட்டு வாட்ஸ்அப் திறக்கப் பார்க்கிறான், அதற்கான சாவி அது. யாருக்கும் தராதே என்று அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே எழுதியிருக்கும். செய்ய வேண்டியது, சித்திக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்பது.

அனுப்பிவிட்டால் என்ன செய்வது? இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்து பிள்ளை மறைப்பதில்தான் திருடனுக்கு நேரம் கிடைக்கிறது. அம்மாவிடம் சொல்லி, அதே எண்ணில் வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்து, புதிதாக வரும் 6 இலக்க எண்ணைப் போட்டால் திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் அதற்குள் இரண்டாவது பூட்டாகத் தன் பின் நம்பரைப் போட்டிருந்தால், நாம் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் அவனும் உள்ளே இருக்க முடியாது. சொந்தக்காரர்களுக்குப் போனில் சொல்லிவிட வேண்டும். யாராவது பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

இரண்டாவது சம்பவம் விளையாட்டு மாதிரி போகும். "மாறன், பிறந்தது 2011, நாய் பெயர் ராக்கி, தோனி ரசிகன்" என்று போர்டில் எழுதி, அவன் பாஸ்வேர்டை ஊகிக்கச் சொல்வேன். விடை உறைக்குள் ஒட்டியிருக்கும். rocky123, dhoni7, maran2011 என்று போர்டு நிரம்பிவிடும். உறையைப் பிரித்தால் `Rocky@2011`. இந்த மாதிரிப் பாஸ்வேர்டுக்குத் திருடன் எத்தனை விதம் முயல வேண்டும் என்று கணக்குப் போடுவோம்: மாறனைச் சுற்றி 10 சொல், முதல் எழுத்து பெரிது அல்லது சிறிது, நடுவில் 3 விதக் குறி, கடைசியில் 10 விதமான எண். பெருக்கினால் 600தான் வரும்.

அப்போது யாராவது, "சார், நாலு தடவை தப்பாப் போட்டா லாக் ஆயிடுமே" என்பார்கள். அருமையான கேள்வி. லாகின் பக்கத்தில் அப்படித்தான். ஆனால் ஏதோ ஒரு கேம் தளத்தின் பாஸ்வேர்டு கோப்பே திருடு போனால், திருடன் அதைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு இஷ்டத்துக்கு முயலலாம், தடுக்க ஆளில்லை. அங்கே கிடைத்ததைக் கொண்டுபோய் மாறனின் ஜிமெயிலில் போட்டுப் பார்ப்பான். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைக்காதே என்பதற்குக் காரணம் இதுதான்.

மாற்றாக, ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு சொற்கள். யோசித்து எடுக்கச் சொன்னால் சினிமாப் பாட்டு வரியைக் கொண்டுவருவார்கள். அதனால் ஒருவர் பக்க எண், இன்னொருவர் வரி எண் சொல்ல, பாடப்புத்தகத்திலிருந்து எடுக்கிறோம்: `kudai-erumai-saavi-melam`. 2000 சொற்களிலிருந்து கண்ணை மூடி நான்கு எடுத்தால் 16 லட்சம் கோடி விதம். போர்டில் வந்ததை யாரும் பயன்படுத்தக் கூடாது, வீட்டில் புதிதாக எடுக்க வேண்டும். நோட்டில் எழுதி வீட்டு அலமாரியில் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பள்ளிப் பையில் மட்டும் வேண்டாம்.

ஆனால் கவின் கதையில் பாஸ்வேர்டே கிடையாது, இந்த நான்கு சொல் அங்கே காப்பாற்றாது. அதற்கு வீட்டுப்பாடம் தனி: அம்மாவோடு உட்கார்ந்து வாட்ஸ்அப் Settings, Account, Two-step verification போய் 6 இலக்கப் பின் வைக்க வேண்டும். மறுநாள் வைத்தவர்கள் கையை மட்டும் தூக்கினால் போதும், எண்ணைக் கேட்கக் கூடாது.

கை தூக்கியதும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "பிறந்த தேதியைப் போட்டவங்க எத்தனை பேர்?" நாள், மாதம், ஆண்டு இரண்டிரண்டாகப் போட்டால் சரியாக ஆறு வருகிறதே. எனக்குப் போன வருடம் பாதி வகுப்பு சிரித்தது, மீதி கையைக் கீழே இறக்கியது.