ஏஐ வரைந்த லோகோவை போர்டுக்கு வெட்டுவதற்கு முன்னால்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் காபிக்கடை திறக்கப் போகிறவர்: அண்ணாச்சி, ஏஐயில லோகோ எடுத்துட்டேன். வட்டத்துக்குள்ள பனைமரம், கீழே "கருப்பட்டி காபி"ன்னு எழுத்து. 1024க்கு 1024 பிக்சல். போர்டு 8 அடிக்கு 3 அடி, ஏசிபி ஷீட்டு மேல அக்ரிலிக் வெட்டி ஒட்டணும். பட்டறையில வெக்டர் கேக்காங்க. எதை முதல்ல சரி பண்ணணும்?

படத்தைப் பார்த்தேன் தம்பி. டிரேஸ் பட்டனை இப்போதைக்குத் தொட வேண்டாம். வெக்டர் என்பது பிக்சலுக்குப் பதில் கோடும் வளைவுமாக இருக்கும் படம். டிரேஸ் என்பது இருப்பதை அப்படியே கோடாக்கித் தரும்; தப்பையும் சேர்த்துத்தான் கோடாக்கும்.

முதலில் படத்தை போர்டு அளவுக்குக் கணக்குப் போடுங்கள். உங்கள் வட்டம் படத்தில் 820 பிக்சல் அகலம் இருக்கிறது. 3 அடி என்பது 914 மில்லிமீட்டர். மேலே கீழே கொஞ்சம் இடம் விட்டால் வட்டம் 820 மில்லிமீட்டர் வரும். அதாவது படத்தில் ஒரு பிக்சல், போர்டில் ஒரு மில்லிமீட்டர். இவ்வளவு வசதியான கணக்கு எல்லோருக்கும் அமையாது, உங்களுக்கு அமைந்திருக்கிறது.

இப்போது பனை ஓலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். விரல் விரலாகப் பிரியும் இடத்தில் இடைவெளி 2 பிக்சல்தான். போர்டில் அது 2 மில்லிமீட்டர். எங்கள் பட்டறையில் சுழலும் பிட்டால் வெட்டுகிற ரூட்டர் மெஷினில் போடுவது 3 மில்லிமீட்டர் பிட். அது அந்த இடைவெளிக்குள் நுழையவே நுழையாது. லேசரில் வெட்டிவிடலாம், ஆனால் ஓலை நுனி அவ்வளவு மெல்லிசாக இருந்தால் அக்ரிலிக் மேல் இருக்கும் பேப்பரை உரிக்கும்போதே ஒடியும். ஒடியாமல் தப்பினாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கண்ணுக்கு ஓலை ஒரே திட்டாகத்தான் தெரியும். உங்கள் படத்தில் இடது பக்கம் 11 விரல், வலது பக்கம் 13. மொத்தமே 9 விரலாகக் குறைத்து, இடைவெளியை 8 மில்லிமீட்டருக்குக் கொண்டு வாருங்கள். இது வரைகிறவர் எடுக்க வேண்டிய முடிவு. எந்த சாப்ட்வேரும் உங்களுக்காக இதை எடுக்காது.

அப்புறம் வட்டம். அகலம் 820, உயரம் 811. கண்ணுக்கு உருண்டையாகத் தெரிகிறது, வெட்டி ஒட்டினால் முட்டையாகத் தெரியும். அதை டிரேஸ் செய்யாதீர்கள். அழித்துவிட்டு வட்டக் கருவியால் புதிதாக ஒன்று போடுங்கள். எழுத்தையும் அழித்துவிடுங்கள், காரணத்தைக் கீழே இன்னொருவருக்குச் சொல்கிறேன். தண்டில் இருக்கும் சொரசொரப்பு கோடுகள் வேண்டாம். வளையம் வேண்டுமென்றால் 6 மில்லிமீட்டரில் மூன்று போதும். பழுப்பில் வெளிச்சமும் நிழலுமாக மாறுவதை விட்டு ஒரே பழுப்பு, ஒரே கிரீம் என்று வையுங்கள். அக்ரிலிக் ஷீட்டு ஒரே நிறத்தில்தானே வரும்.

இவ்வளவும் முடிந்த பிறகு பார்த்தால், டிரேஸ் செய்ய மிஞ்சுவது தண்டும் ஓலையும் மட்டும். அதையும் படத்தை அடியில் மங்கலாக வைத்துக்கொண்டு பென் டூலில் கையாலேயே வரைந்துவிடலாம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

தென்காசி, போட்டோ ஸ்டூடியோ: இவ்வளவு எதுக்கு? படத்தை நாலு மடங்கு அப்ஸ்கேல் பண்ணிட்டு கோரல்ல PowerTRACE குடுத்தா முடிஞ்சுது. நான் அப்படித்தான் பண்றேன், நல்லாத்தான் வருது.

பாதி சரி. 1024 பிக்சல் படத்தில் ஓரம் சுத்தமாக இருக்காது. பழுப்பிலிருந்து கிரீமுக்கு மாற 2, 3 பிக்சல் எடுத்துக்கொள்ளும். கோடு அதில் எங்கே விழ வேண்டும் என்று டிரேஸ் தடுமாறும். அப்ஸ்கேல் செய்தால் ஓரம் கூர்மையாகி, அந்தத் தடுமாற்றம் குறையும். அது உண்மைதான்.

ஆனால் படம் நாலு மடங்கானாலும் போர்டு அதே 3 அடிதான். 2 மில்லிமீட்டர் இடைவெளி 2 மில்லிமீட்டராகவேதான் இருக்கும், அதைக் காட்ட 8 பிக்சல் கிடைக்கும், அவ்வளவுதான். சில அப்ஸ்கேல் கருவிகள் தண்டில் இல்லாத நரம்பையெல்லாம் தாங்களே சேர்த்துவிடும். டிரேஸ் அது ஒவ்வொன்றையும் ஒரு துண்டாக்கும். விசிட்டிங் கார்டுக்கு உங்கள் வழி போதும். கத்திக்குப் போகிற வேலைக்குப் போதாது.

வீரவநல்லூர், பிளாட்டர் புதிதாக வாங்கியவர்: டிரேஸ் பண்ணின லோகோவை ஸ்டிக்கர் ஷீட்ல வெட்டினேன். வளைவுல கத்தி விட்டு விட்டுப் போகுது, மூலையில ஷீட்டு கிழியுது. கத்தி மொட்டையா?

கத்தியை மாற்றுவதற்கு முன்னால் ஃபைலைப் பாருங்கள். இங்க்ஸ்கேப் என்றால் `N`, கோரல் என்றால் `F10` அழுத்தி ஒரு வளைவைத் தேர்ந்தெடுங்கள், கோட்டை வளைக்கும் புள்ளிகளான நோடு எத்தனை என்று கீழே காட்டும். ஒரு முழு வட்டத்துக்கு 4 நோடு போதும். டிரேஸில் வந்த வட்டத்தில் நாற்பது, ஐம்பது கூட இருக்கும். ஒவ்வொன்றிலும் கோடு துளி திசை மாறுவதால் கத்தியும் துளித்துளியாகத் திரும்புகிறது.

இங்க்ஸ்கேப்பில் `Path > Simplify` கொடுத்தால் நோடு குறையும், ஆனால் இரண்டு மூன்று தடவை கொடுத்தால் கூர் மூலைகளும் மழுங்கிவிடும். ஒரு தடவை கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கையால் எடுங்கள். வளைவு எங்கே திரும்புகிறதோ அங்கே ஒரு நோடு, மூலையில் ஒரு நோடு, நடுவில் இருப்பதெல்லாம் டெலிட்.

மூலை கிழிவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். கோரலில் `View > Wireframe` போட்டுப் பாருங்கள், இங்க்ஸ்கேப்பில் `Display Mode > Outline`. நிறம் மறைந்து வெறும் கோடு தெரியும். ஒரே இடத்தில் இரண்டு கோடு ஒட்டி ஒட்டிப் போனால் கத்தி அங்கே இரண்டு தடவை ஓடுகிறது. பல நிறம் டிரேஸ் செய்தால் இது சகஜம், ஒரு நிறம் இன்னொன்றின் அடியில் நீண்டு கிடக்கும். PowerTRACE-இல் `Remove object overlap` என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போடுங்கள். இன்னொன்று, வெள்ளையாகத் தெரிவது எல்லாம் ஓட்டை இல்லை. பழுப்பின் மேல் வெள்ளைத் துண்டு உட்கார்ந்திருக்கும். முதலில் அதையும், பிறகு அடியில் உள்ளதையும் தேர்ந்தெடுத்து, அடியில் உள்ளதிலிருந்து கழிக்க வேண்டும்: இங்க்ஸ்கேப்பில் `Difference`, கோரலில் `Trim`. கோரலில் வேலை முடிந்ததும் அந்த வெள்ளைத் துண்டு அங்கேயே கிடக்கும், அதையும் அழித்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கிழிந்தால், அப்போது கத்தியைப் பார்க்கலாம்.

மேலப்பாளையம், காலேஜ் மாணவி: அண்ணா, எழுத்தை மட்டும் ஏன் டிரேஸ் பண்ணக் கூடாதுன்னு சொல்றீங்க? ஏஐ போட்ட ஸ்டைல் அழகா இருந்துச்சே.

அழகாகத்தான் இருந்தது தங்கச்சி, ஆனால் அதில் எழுதியிருந்தது "கருப்படடி". முதல் ட மேல் புள்ளி இல்லை. படத்தை உருவாக்குகிற கருவிகள் பலவும் தமிழை எழுத்தாக அல்ல, வடிவமாகப் பார்த்து வரைகின்றன. புள்ளி போவதும், கொம்பு தப்பான பக்கம் நிற்பதும், ரு வேறு ஏதோவாக ஆவதும் அதனால்தான். கடைக்காரர் ஸ்டைலைப் பார்ப்பார். ரோட்டில் போகிறவர் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார்.

அதனால் யூனிகோடு ஃபான்ட் ஒன்றில் புதிதாகத் தட்டச்சு செய்யச் சொல்கிறேன். ஏஐ போட்டது உருண்டையாக, தடியாக இருந்ததால் பலூ தம்பி அதற்குப் பக்கத்தில் வரும். மெல்லிசாக வேண்டுமென்றால் காட்டமரான், முக்த மலர் இருக்கின்றன. எல்லாமே இலவசம், கடைக்கும் பயன்படுத்தலாம்.

அந்தத் தம்பி போர்டில் வட்டம் போக வலது பக்கம் ஏறக்குறைய 1,450 மில்லிமீட்டர் மிச்சம். ஒரே வரியில் போட்டால் எழுத்து சின்னதாகிவிடும். மேலே "கருப்பட்டி", கீழே "காபி" என்று இரண்டு வரி. "கருப்பட்டி"யில் இரண்டு புள்ளி. எழுத்தைத் தனித்தனியாக வெட்டி ஒட்டினால் அந்த இரண்டு புள்ளியும் தனித் துண்டு; ஒட்டுகிறவர் கண்ணளவில் வைத்தால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். அதனால் பேப்பரில் முழு அளவு டெம்ப்ளேட் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஷீட்டையே குடைந்து பின்னால் லைட் போடுவதென்றால் கதை தலைகீழ். புள்ளி வெறும் ஓட்டைதான், தொல்லை இல்லை. ஆனால் க உள்ளே இருக்கும் மூடிய பகுதி கழன்று விழும். அதைத் தனியாக எடுத்து வைத்து, பின்னாலிருக்கும் அக்ரிலிக்கில் ஒட்ட வேண்டும்.

எந்த வகை என்று முடிவாகாமல் எழுத்தை வெக்டராக்கி என்ன பயன்? அந்தத் தம்பி வெட்டி ஒட்டுவது என்று முன்னமே சொல்லிவிட்டார்.

அம்பாசமுத்திரம், ஜவுளிக்கடை: தம்பி, எங்க அப்பா காலத்து போர்டோட போட்டோ இருக்கு. பெயிண்டர் கையால எழுதினது. அதையே பெரிசா ஃபிளெக்ஸ்ல போடணும். நீங்க சொல்ற மாதிரி கோணலையெல்லாம் நிமிர்த்தணுமா?

ஐயா, உங்கள் விஷயம் வேறு. ஏஐ படத்தில் கோணல் என்பது யாரும் நினைத்துச் செய்ததில்லை, அதனால் நிமிர்த்துகிறோம். உங்கள் போர்டில் ஒரு எழுத்து சாய்ந்திருந்தால் அது அந்தப் பெயிண்டர் கை. அதை விட்டுவிடுங்கள். போட்டோ சாய்வாக எடுத்திருந்தால் அதை மட்டும் நேராக்கினால் போதும்.

ஃபிளெக்ஸுக்கு வெக்டர் கட்டாயமும் இல்லை. அது பிரிண்ட்தான், கத்தி ஓடுவதில்லை. நல்ல வெளிச்சத்தில், நேர் எதிரே நின்று, பெரிய அளவில் எடுத்த போட்டோ இருந்தால் போதும்.

திருச்செந்தூர் ரோடு, ஓவிய ஆசிரியை: ஓலையில ஒரு பாதியை வரைஞ்சு மறுபாதியை மிரர் பண்ணிடலாம்னு நிறைய பேர் சொல்றாங்க. பனை அப்படியா இருக்கும்? உடன்குடி பக்கம் போய்ப் பாருங்க, ஒரு மரம் கூட ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்காது.

நீங்கள் சொல்வது சரிதான் டீச்சர். மிரர் செய்தால் வரைய வேண்டிய நோடு பாதியாகும், பிழை கண்டுபிடிப்பது எளிது, அதற்காகத்தான் பட்டறையில் எல்லோரும் செய்கிறோம். வட்டத்துக்குள் வைக்கும்போது எடையும் சமமாக இருக்கும். ஆனால் மிரர் செய்த பனை கொஞ்சம் விசிறி மாதிரி ஆகிவிடுகிறது, அதை மறுக்க மாட்டேன். 9 விரலில் இரண்டை மட்டும் நீளம் மாற்றிப் பார்த்தேன்; எனக்குப் பிடித்தது, கூட வேலை செய்கிறவருக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரத் தம்பி இரண்டையும் பார்த்துச் சொல்லட்டும்.

மீண்டும் காபிக்கடைக்காரர்: சரி அண்ணாச்சி, நீங்க சொன்னபடி வரைஞ்சாச்சு. பட்டறையில தொறந்தா தமிழ் எழுத்து உடைஞ்சு கட்டம் கட்டமா வருது, அளவும் மாறிப் போச்சு. எப்படிக் குடுக்கணும்?

எழுத்து உடைவதற்குக் காரணம், அந்த ஃபான்ட் அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை. கோரல் பழைய பதிப்பாக இருந்தால் ஃபான்ட் இருந்தாலும் யூனிகோடு தமிழ் சரியாக வராது. கொடுப்பதற்கு முன் எழுத்தைத் தேர்ந்தெடுத்து கர்வாக, அதாவது வெறும் வடிவமாக மாற்றுங்கள்: கோரலில் `Ctrl+Q`, இங்க்ஸ்கேப்பில் `Path > Object to Path`. மாற்றிய பிறகு எழுத்தைத் திருத்த முடியாது, அதனால் மாற்றாத ஃபைல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குத் தடிமன் கொடுத்து வரைந்த வளையம் ஏதாவது இருந்தால் அதையும் இங்க்ஸ்கேப்பில் `Stroke to Path`, கோரலில் `Ctrl+Shift+Q` கொடுத்து வடிவமாக்குங்கள். இல்லையென்றால் மெஷின் நடுக்கோட்டில் ஒரே ஒரு வெட்டுதான் போடும்.

அளவு மாறுவது எஸ்விஜி வகை ஃபைலில் வரும் தொல்லை. இங்க்ஸ்கேப் ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கு வைக்கிறது, இல்லஸ்ட்ரேட்டர் 72 வைக்கிறது. இங்க்ஸ்கேப்பில் செய்ததை இல்லஸ்ட்ரேட்டரில் திறந்தால் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியலாம், அதில் செய்ததை இதில் திறந்தால் கால் பங்கு சின்னதாகத் தெரியலாம். டிஎக்ஸ்எஃப் என்றால் மில்லிமீட்டரை அங்குலமாக எடுத்து 25.4 மடங்கு ஆக்கிவிடவும் செய்யும். பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. எதில் கொடுத்தாலும் உண்மை அளவிலேயே வரைந்து, ஓரத்தில் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்று போட்டு, "இதை அளந்து பார்த்துவிட்டு வெட்டவும்" என்று எழுதிக் கொடுங்கள். வெட்டும்போது சதுரத்தை எடுத்துவிடச் சொல்லவும் மறக்காதீர்கள்.