போன் போச்சு, பெட்டகம் திறக்குமா? பிட்வார்டன் மீட்பு: கேள்வி பதில்

கல்லூரி மாணவர், மதுரை: அக்கா, பஸ்ஸில் போன் பறிபோய்விட்டது. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பிட்வார்டன் ஆப்பின் மாஸ்டர் பாஸ்வேர்ட் நன்றாக நினைவிருக்கிறது. லேப்டாப்பில் லாகின் செய்தால் ஆதென்டிகேட்டர் ஆப்பில் வரும் ஆறு இலக்கத்தைக் கேட்கிறது. அந்த ஆப் போனில்தான் இருந்தது. பென்டிரைவில் `bitwarden_encrypted_export` என்று தொடங்கும் ஒரு ஃபைல் இருக்கிறது. வழி உண்டா?

பதில்: ஃபைலுக்குப் போகும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். லேப்டாப்பிலோ கல்லூரி ஹாஸ்டல் கம்ப்யூட்டரிலோ பிட்வார்டன் எக்ஸ்டென்ஷன் ஏற்கெனவே லாகின் ஆகி, பூட்டிய நிலையில் இருக்கிறதா? பூட்டியிருப்பது வேறு, லாக் அவுட் ஆகியிருப்பது வேறு. பூட்டியிருந்தால் மாஸ்டர் பாஸ்வேர்ட் மட்டும் போதும், ஆறு இலக்கம் கேட்காது. அப்படி ஒன்று கிடைத்தால் தப்பித்தவறியும் லாக் அவுட்டை அழுத்தாதீர்கள். இரண்டாவது, ரெகவரி கோட். இந்த ஆறு இலக்கம் கேட்கும் டூ ஃபேக்டரை அமைத்தபோது 32 எழுத்தில் ஒன்றை எழுதி வைக்கச் சொல்லியிருக்கும். அது கிடைத்தால் `vault.bitwarden.com/#/recover-2fa` பக்கத்தில் மின்னஞ்சல், மாஸ்டர் பாஸ்வேர்ட், அந்தக் கோட் மூன்றையும் கொடுங்கள். டூ ஃபேக்டர் முழுவதும் அணைந்துவிடும்.

இரண்டும் இல்லையென்றால்தான் ஃபைல். அதை நோட்பேடில் திறந்து முதல் சில வரிகளை மட்டும் சொல்லுங்கள். சேமிக்காமல் மூடுங்கள்.

அதே மாணவர்: எக்ஸ்டென்ஷன் லாக் அவுட் ஆகியிருக்கிறது. ரெகவரி கோட் எழுதி வைக்கவே இல்லை. ஃபைல் இப்படித் தொடங்குகிறது:

```
{
  "encrypted": true,
  "passwordProtected": true,
```

பதில்: அந்த `passwordProtected` வரி உங்களைக் காப்பாற்றிவிட்டது. பிட்வார்டனில் பூட்டிய பேக்கப் இரண்டு வகை. ஒன்று, உங்கள் கணக்கின் சாவியால் பூட்டியது. அது அதே கணக்குக்குள்தான் திறக்கும். மற்றது, எக்ஸ்போர்ட் செய்யும்போது நீங்கள் கொடுத்த தனி பாஸ்வேர்டால் பூட்டியது. அது எந்தக் கணக்கிலும் திறக்கும். உங்களுடையது இரண்டாவது வகை.

எனவே பழைய கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேறொரு மின்னஞ்சலில் புதிய பிட்வார்டன் கணக்கு தொடங்குங்கள். பிட்வார்டன் தளத்தில் திறக்கும் வெப் வால்டில் Tools, பிறகு Import data. ஃபைல் வகை Bitwarden (json). ஃபைலைக் கொடுத்ததும் ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்: அது கேட்பது மாஸ்டர் பாஸ்வேர்ட் அல்ல, எக்ஸ்போர்ட் செய்த அன்று கொடுத்த பாஸ்வேர்ட். இரண்டுக்கும் ஒன்றையே வைத்திருந்து, பிறகு மாஸ்டரை மட்டும் மாற்றியிருந்தால், ஃபைல் இன்னும் பழையதைத்தான் ஏற்கும். தப்பாக அடித்தால் பிழை காட்டும், அவ்வளவுதான். ஃபைல் உங்கள் கையில் இருப்பதால் நிதானமாக ஒவ்வொன்றாக முயலலாம்.

இம்போர்ட் ஆன பிறகு ஃபைல் பெயரில் இருக்கும் தேதியைப் பாருங்கள். அதற்குப் பின் சேர்த்தவையும் மாற்றியவையும் இதில் இருக்காது. அவற்றை அந்தந்தத் தளத்தில் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" வழியாகத்தான் மீட்க வேண்டும். குடும்பத்தோடு பகிர்ந்த கலெக்‌ஷன் ஏதாவது இருந்தால் அதுவும் தனிநபர் எக்ஸ்போர்ட்டில் வராது. இன்னொன்று, இம்போர்ட்டை இரண்டு முறை அழுத்தினால் எல்லாம் இரண்டிரண்டாக வரும், அது தானாகச் சேர்த்துக்கொள்ளாது. எல்லாம் சரி என்று உறுதியாகும்வரை பழைய கணக்கை அழிக்க வேண்டாம்.

ஐடி ஊழியர், சென்னை: இதற்கு இவ்வளவு சுற்றல் எதற்கு? பெட்டகம் சர்வரில் இருக்கிறது. மாஸ்டர் பாஸ்வேர்ட் தெரிந்தால் எந்த லேப்டாப்பிலும் திறக்கலாம். நான் டூ ஃபேக்டரே போடவில்லை, பேக்கப்பும் எடுப்பதில்லை.

பதில்: பாதி சரி. பெட்டகத்தின் பூட்டை மாஸ்டர் பாஸ்வேர்ட் திறக்கும். ஆனால் பூட்டிய பெட்டகத்தையே சர்வர் உங்களிடம் தர வேண்டுமே. 2025 முதல், டூ ஃபேக்டர் இல்லாத கணக்கில் புதிய கருவியிலிருந்து நுழைந்தால் பிட்வார்டன் மின்னஞ்சலுக்கு ஒரு கோட் அனுப்பிக் கேட்கிறது. உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது? பிட்வார்டனுக்குள்ளே. ஜிமெயில் உறுதிப்படுத்தக் கேட்பது எதை? தொலைந்த போனை.

இந்தச் சுற்றை வெட்ட, ஜிமெயில் பாஸ்வேர்ட் பெட்டகத்துக்கு வெளியே ஓரிடத்தில் இருக்க வேண்டும். கூகுள் தரும் பத்து பேக்கப் கோடுகளும் அதனுடன் காகிதத்தில் இருக்கட்டும். "டூப்ளிகேட் சிம் வாங்கி எஸ்எம்எஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்பீர்கள். வாங்கலாம். ஆனால் இந்தியாவில் சிம் மாற்றிய பிறகு ஒரு நாள் எஸ்எம்எஸ் வராது, அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆசிரியை, ஈரோடு: என் ஃபைலில் `"encrypted": true` இருக்கிறது, `passwordProtected` என்ற வரியே இல்லை மேடம். உள்ளே நுழைய முடியாத கோபத்தில் பழைய கணக்கை அழித்துவிட்டு அதே மின்னஞ்சலில் புதிதாகத் தொடங்கிவிட்டேன். இம்போர்ட் ஆக மாட்டேன் என்கிறது. மாஸ்டர் பாஸ்வேர்ட்கூட அதேதான் வைத்திருக்கிறேன்.

பதில்: வருத்தமான செய்திதான். உங்கள் ஃபைல் முதல் வகை. அது பூட்டப்பட்டது மாஸ்டர் பாஸ்வேர்டால் அல்ல, பழைய கணக்கு உருவானபோது பிறந்த ஒரு சாவியால். மின்னஞ்சலும் மாஸ்டர் பாஸ்வேர்டும் அதேயாக இருந்தாலும் புதிய கணக்கின் சாவி வேறு. கணக்கோடு பழைய சாவி போய்விட்டது. கணக்கை அழிக்காமலே, மாஸ்டர் பாஸ்வேர்ட் மாற்றும்போது என்க்ரிப்ஷன் சாவியையும் மாற்று என்ற கட்டத்தில் டிக் செய்தவர்களுக்கும் பழைய ஃபைல் இப்படித்தான் செத்துப்போகும்.

ஒரு வாய்ப்பு மிச்சம். முன்பு பயன்படுத்திய பழைய போனோ டேப்லெட்டோ வீட்டில் அணைந்து கிடக்கிறதா? அதில் பிட்வார்டன் லாகின் ஆன நிலையில் விட்டிருந்தால், பெட்டகத்தின் நகல் ஒன்று அதற்குள் இருக்கும். முதலில் வீட்டு வைஃபை ரவுட்டரை அணையுங்கள், சிம்மைக் கழற்றுங்கள், அப்புறம்தான் போனை ஆன் செய்யுங்கள். நெட் கிடைத்த கணம் கணக்கு இல்லை என்று தெரிந்து அது லாக் அவுட் ஆகக்கூடும். ஏரோபிளேன் மோடில் போட்டு, பழைய மாஸ்டர் பாஸ்வேர்டால் திறந்து பாருங்கள். திறந்தால் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திறக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. எந்தச் செட்டிங்கில் விட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர்: நான் எப்போதும் கைரேகை வைத்துத்தான் திறப்பேன் அம்மா. மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. வங்கியில் செய்வதுபோல ஆதார் நகல் அனுப்பி கம்பெனியிலேயே ரீசெட் செய்து வாங்க முடியாதா?

பதில்: முடியாது ஐயா. மனமில்லாமல் அல்ல, அவர்களிடமே உங்கள் பாஸ்வேர்ட் கிடையாது. லாகின் பக்கத்தில் பாஸ்வேர்ட் குறிப்பு கேட்கும் வசதி இருக்கிறது. கணக்கு தொடங்கியபோது குறிப்பு எழுதியிருந்தால் மின்னஞ்சலுக்கு வரும். மகனையோ மகளையோ எமர்ஜென்சி ஆக்சஸில் முன்பே சேர்த்திருந்தால், அவர் கோரிக்கை வைத்து, நீங்கள் நிர்ணயித்த காத்திருப்பு நாட்கள் கழிந்ததும் உள்ளே வரலாம். முழு உரிமை கொடுத்திருந்தால் புதிய மாஸ்டர் பாஸ்வேர்டே வைத்துத் தரலாம்.

எப்போதாவது பேக்கப் எடுத்தீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். மதுரைத் தம்பியிடம் இருப்பதுபோன்ற ஃபைல் என்றால் அதன் சொந்த பாஸ்வேர்ட் போதும், மாஸ்டர் தேவையே இல்லை.

கடைக்காரர், சேலம்: என்னிடம் பிட்வார்டனிலிருந்து எடுத்த சிஎஸ்வி பேக்கப் இருக்கிறது, எந்த பாஸ்வேர்டும் கேட்காது. எக்ஸலில் திறந்து அடுக்கிச் சேமித்து வைத்திருக்கிறேன். இதுதானே சுலபம்?

பதில்: சுலபம்தான், அதை எடுத்தவனுக்கும் சுலபம். அதைவிட உடனடித் தொல்லை எக்ஸல். 0047 என்ற பின்னை அது 47 ஆக்கிவிடும், = என்று தொடங்கும் பாஸ்வேர்டை ஃபார்முலா என்று நினைக்கும். எக்ஸலில் சேமித்ததை இம்போர்ட் செய்யாதீர்கள், தொடாத மூல ஃபைல் இருந்தால் அதைக் கொடுங்கள். சிஎஸ்வியில் லாகின்களும் குறிப்புகளும் மட்டுமே வரும், கார்டு விவரங்கள் வராது. மீட்டு முடித்ததும் அந்த ஃபைலை அழியுங்கள். யாருக்காவது மெயிலில் அனுப்பியிருந்தால் அங்கேயும்.

வடிவமைப்பாளர், யாழ்ப்பாணம்: நான் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். போனில் இரண்டு வருடமாகத் திறந்தது. இப்போது லேப்டாப்பில் அதே சொற்றொடரை அடித்தால் தவறு என்கிறது. ஹேக் ஆகிவிட்டதா?

பதில்: ஹேக் என்று முடிவு கட்டும் முன் லாகின் பக்கத்தில் சர்வர் எது என்று பாருங்கள். பிட்வார்டனுக்கு `bitwarden.com`, `bitwarden.eu` என இரண்டு இடம். ஒன்றில் இருக்கும் கணக்கை மற்றதில் தேடினால், சரியான பாஸ்வேர்டையும் தவறு என்றுதான் சொல்லும்.

அது சரியாக இருந்தால் விசைப்பலகை. "கொ" என்று திரையில் தெரிவதைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாக வைத்திருக்கலாம்: "ொ" ஒரே குறியாக, அல்லது "ெ", "ா" என இரண்டு குறியாக. கண்ணுக்கு ஒன்றுதான், பூட்டுக்கு வேறு. போனில் இருந்த அதே விசைப்பலகை ஆப்பை வேறொரு ஆண்ட்ராய்டில் போட்டு அடித்துப் பாருங்கள். உங்களுக்கு நடந்தது இதுதானா என்று இங்கிருந்து சொல்ல இயலாது. திறந்துவிட்டால் அன்றே ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் நாலைந்து சேர்த்து அடித்தாலும் போதும்.

இன்னொருவர், கோவை: நான் பிட்வார்டனுக்குப் பதில் கீபாஸ் பயன்படுத்துகிறேன். அதன் பெட்டகமான கேடிபிஎக்ஸ் ஃபைல் லேப்டாப்பில் இருக்கிறது, மாஸ்டரும் தெரியும், ஆனாலும் திறக்கவில்லை.

பதில்: போனில் திறக்கும்போது கீ ஃபைல் ஏதாவது தேர்ந்தெடுத்திருந்தீர்களா? இருந்தால் அதுவும் வேண்டும், மாஸ்டர் மட்டும் போதாது. டிரைவிலோ பழைய மெமரி கார்டிலோ தேடுங்கள். அது போனில் மட்டுமே இருந்தது என்றால் கதவு மூடியதுதான்.

இல்லத்தரசி, திருநெல்வேலி: எனக்குப் பெட்டகம் கிடைத்துவிட்டது. போனை எடுத்தவன் உள்ளே நுழைவானா? எல்லா பாஸ்வேர்டையும் மாற்றணுமா?

பதில்: வெப் வால்டில் Settings, My account, கீழே Deauthorize sessions. எல்லாக் கருவிகளும் லாக் அவுட் ஆகும், ஆனால் அந்தப் போன் நெட்டில் இணைந்தால்தான். ஃப்ளைட் மோடில் வைத்திருப்பவனை அது தொடாது. அங்கே காவல் உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டின் நீளம்தான். பிட்வார்டனுக்கு நாலு இலக்கப் பின் வைத்து, ஆப்பை மறுபடி திறக்கும்போது மாஸ்டர் கேட்பதையும் அணைத்திருந்தால் காவல் மெலிசு. அப்படியென்றால் இன்றைக்கே ஜிமெயில், வங்கி, யுபிஐ சார்ந்தவற்றை இந்த வரிசையில் மாற்றுங்கள், மற்றவற்றை வாரக்கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பின் வைக்காமல் கைரேகை மட்டும் என்றால் அவசரம் குறைவு, ஜிமெயிலை மட்டும் மாற்றிவிட்டு சிம்மை முடக்குங்கள்.