சளி மாத்திரையும் ஒரு பீரும்: வண்டி ஓட்டலாமா?

"காலையில் சளி மாத்திரை போட்டேன். ராத்திரி ஒரு பீர் மட்டும் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் என்ன ஆகும்?"

ஓட்டக் கூடாது. தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் என்ற மருந்து இருக்கும். தும்மலையும் மூக்கு ஒழுகுவதையும் உண்டாக்கும் ஹிஸ்டமினை அது தடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், மூளையை விழிப்பாக வைத்திருப்பதும் அதே ஹிஸ்டமின்தான். மருந்து மூளைக்குள்ளும் போய் அங்கேயும் அதை அடக்கிவிடுகிறது. மதுவோ வேறொரு வழியில் மூளையின் வேகத்தைக் குறைக்கிறது.

ஸ்கூட்டரில் ஒரு பிரேக் தளர்ந்தாலும் இன்னொன்றை வைத்துச் சமாளிக்கலாம். இரண்டும் தளர்ந்தால் வண்டி நிற்காது. இங்கேயும் அப்படித்தான். தனித்தனியாகவே மூளையை மந்தமாக்கும் இரண்டும் சேரும்போது முன்னால் போகும் லாரி பிரேக் போட்டது கண்ணில் பட்டும், கால் தாமதமாகவே அசையும். நேரான, காலியான சாலையில் சில நொடிகள் கண் சொக்குவதும் உண்டு.

காலையில் போட்டதுதானே என்று நினைக்க வேண்டாம். இந்த மருந்தில் பாதி உடலைவிட்டு வெளியேறவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகலாம். செட்ரிசின் என்ற இன்னொரு அலர்ஜி மாத்திரை தூக்கத்தைக் குறைவாகத்தான் தரும், ஆனாலும் சிலருக்குச் சொக்கும். அதோடும் மது வேண்டாம்.

அப்புறம், போலீஸ் ஊதச் சொல்லும் கருவியில் அளவு குறைவாகக் காட்டினால் பிரச்சினை இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கருவி மதுவை மட்டுமே அளக்கும். மாத்திரை அதற்குத் தெரியாது.